ஏலாக்குறிச்சியில் ஒரு புள்ளி

சில வருடங்களுக்கு முன், வீரமாமுனிவர் லத்தீனில் எழுதிய செந்தமிழ் இலக்கணத்திலிருந்து எழுத்தைப் பற்றிய சில பக்கங்களைத் தமிழாக்கம் செய்தேன். லத்தீன் எனக்கு அகராதியைப் புரட்டிப் படிக்கும் அளவுதான் தெரியும். ஆகவே 1822-ல் பாபிங்டன் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பை முன்னால் வைத்துக்கொண்டு, சந்தேகம் வந்த இடங்களில் மட்டும் அச்சான லத்தீன் மூலத்தைப் பார்த்தேன். வேலை சுலபமாகவே போனது. மேற்கோள்கள் எல்லாம் தமிழ்தானே, அவற்றை என்ன மொழிபெயர்ப்பது, அப்படியே எடுத்துப் போட்டால் ஆயிற்று என்று நினைத்தேன். தப்பு அங்கேதான் நடந்தது.

பழைய முறையில் குறில் எகரத்துக்கும் ஒகரத்துக்கும் மேலே புள்ளி உண்டு, நெடிலுக்குக் கிடையாது. தொல்காப்பியம் சொல்லும் முறை அது. இன்று நாம் எழுதும் ஏ, ஓ என்ற வடிவங்களை முனிவரின் பெயரோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். இந்த விவரம் வரும் பகுதியில், எடுத்துக்காட்டுச் சொற்களை இன்றைய எழுத்தில் ‘திருத்தி’த் தட்டிவிட்டேன். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, வாசகருக்கு எளிதாக இருக்கட்டும் என்றுதான். வெளிவந்த பிறகு ஏலாக்குறிச்சிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் தொலைபேசியில் கூப்பிட்டார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர்.

“தம்பி, புள்ளி வச்சா குறில், வைக்காட்டி நெடில்னு சொல்றீங்க. ஆனா கீழ காட்டியிருக்கிற ரெண்டு சொல்லுலயும் புள்ளியே இல்லையே. அவரு எதைப் பாத்துட்டு அப்படிச் சொன்னாரு?”

என்னிடம் பதில் இல்லை. பழைய எழுத்தைப் பற்றிய ஒரு வாக்கியத்துக்குக் கீழே புது எழுத்தை வைத்ததால் வாக்கியமே பொய்யாகிவிட்டது. முனிவர் சொல்லாத ஒன்றை அவர் வாயில் வைத்துவிட்டேன்.

இதை ஓர் எடுத்துக்காட்டோடு சொன்னால் புரியும். நூலில் உள்ள சொற்கள் வேறு. இது நானே அமைத்தது. ஓர் ஓலையில் ‘எரி’ என்று இருக்கிறது, மேலே புள்ளி இல்லை. இலக்கணப்படி அது நெடில், அதாவது நம் ஏரி. ஆனால் ஓலையில் எழுதுகிறவர்கள் புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். அப்படியானால் அது தீயைக் குறிக்கும் எரியாகவும் இருக்கலாம். புள்ளி இல்லாதது நெடில் என்பதாலா, எழுதியவர் வைக்காமல் போனதாலா என்று ஓலையைப் பார்த்துச் சொல்ல வழியில்லை.

இப்போது அதே சொல் ஒரு லத்தீன் நூலில் மேற்கோளாக வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ‘லாகுஸ்’ என்று பொருள் எழுதியிருந்தால் அது நீர்நிலை, சொல் ஏரிதான். ‘இக்னிஸ்’ என்றிருந்தால் தீ, சொல் எரி. தமிழ் எழுத்து மறைத்ததை லத்தீன் காட்டிக்கொடுக்கிறது. தமிழாக்கத்தில் இந்த லத்தீன் சொல் எதற்கு, வாசகருக்குப் பாரம்தானே என்று நான் முதலில் வெட்டி எறிந்தது இதைத்தான். அந்தச் சொல் போனால், பழைய எழுத்தை எப்படி வாசித்தேன் என்பதற்கான சாட்சியும் போய்விடுகிறது.

பக்கத்தில் பொருள் இல்லாமல் செய்யுள் மட்டும் வந்தால் யாப்பைக் கேட்கலாம். வெண்பாவின் கடைசிச் சீர் தவிர மற்றவை ஓரசையில் நிற்காது. ‘எரி’ இரண்டு குறில் சேர்ந்த ஒரே நிரையசை. ஏரி என்றால் நேர் நேர், தேமாச் சீர். ஆக வெண்பாவின் நடுவில் அந்தச் சொல் தனிச் சீராக நின்றால் அது ஏரியாகத்தான் இருக்க வேண்டும். ஈற்றில் நின்றால் தேமா அங்கே வராது, ஆகவே அது எரிதான். யாப்பு கைவிடும் இடங்களில் பொருளைத்தான் பார்க்க வேண்டும். பொருளும் இரண்டு பக்கம் சாய்ந்தால்? அங்கே மொழிபெயர்ப்பாளன் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பேசாமல் இருப்பது சரியில்லை என்பதுதான் இப்போது என் கட்சி. இருந்ததை இருந்தபடி அச்சிட்டு, என் வாசிப்பை அடிக்குறிப்பில் சொல்லிவிடுவேன்.

எல்லாப் பழைய எழுத்தையும் இப்படிக் காப்பாற்ற வேண்டும் என்று சொல்லவில்லை. 1978-க்கு முந்தைய அச்சில் லை, னை, றா போன்றவற்றுக்கு வேறு வடிவங்கள் இருந்தன. அவற்றை இன்றைய எழுத்துருவில் போட்டால் ஒன்றும் கெட்டுப்போகாது. எழுத்து அதேதான், முகம் மட்டும் வேறு. புள்ளியை எடுப்பது அப்படியல்ல. அங்கே ஒரு முடிவு எடுக்கப்படுகிறது, அதை எடுத்தவன் நான். வடிவம் மாறுகிறதா, வாசிப்பு மாறுகிறதா என்று ஒவ்வொரு மேற்கோளிலும் கேட்டுக்கொண்டாலே பாதித் தகராறு தீர்ந்துவிடும்.

இன்னொரு வலை இருக்கிறது. முனிவர் குறளையும் சிந்தாமணியையும் மேற்கோள் காட்டுகிறார். அந்த வரிகளைத் தமிழாக்கத்தில் போடும்போது அலமாரியில் இருக்கும் பதிப்பை எடுத்துப் பார்த்து எழுதத் தோன்றும். நானும் அப்படித்தான் செய்தேன். ஆனால் திருக்குறள் முதன்முதலில் அச்சேறியது 1812-ல். முனிவர் 1747-லேயே காலமாகிவிட்டார். அவர் கையில் இருந்தது ஏதோ ஓர் ஓலை. அதில் ஒரு சீர் வேறாக இருந்து, அவர் விளக்கம் அந்தச் சீரை நம்பி எழுதப்பட்டிருந்தால், நான் போடும் ‘சரியான’ குறளுக்கும் அவர் விளக்கத்துக்கும் ஒட்டாது. வாசகர் முனிவருக்குத் தமிழ் தெரியவில்லை என்று நினைப்பார். மேற்கோள் என்பது அவர் படித்த வரி. வள்ளுவர் எழுதியது எது என்பது வேறு கேள்வி, அதற்கு வேறு இடம் உண்டு. இதில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. பாபிங்டன் வேலை செய்தது கையெழுத்துப் படியிலிருந்து. லத்தீன் அச்சு வந்தது அதற்கும் பல வருடங்கள் கழித்து. இரண்டிலும் ஒரு மேற்கோள் வேறுபட்டால், திருத்தியது படியெடுத்தவரா பதிப்பாளரா என்று யோசித்துத்தான் ஒன்றை எடுக்க வேண்டும்.

அந்தப் பெரியவரைப் பார்க்க ஒரு தரம் போனேன். திருமானூர் வழியாக பஸ். முனிவர் திருக்காவலூர் என்று பாடிய ஊர் இதுதான். அடைக்கல மாதா கோயிலுக்கு வெளியே நிழலில் உட்கார்ந்திருந்தார். திருத்திய பக்கங்களைக் கொடுத்தேன். புள்ளி வைத்த எகரத்தைக் கணினியில் தட்ட நான் பட்ட பாட்டைச் சொன்னேன். எ-க்கு மேல் புள்ளி வந்துவிட்டது. கெ, கொ மேல் வைத்தபோது சில எழுத்துருக்களில் புள்ளி ஒரு வெற்று வட்டத்தைக் கூட்டிக்கொண்டு தள்ளிப்போய் நின்றது. கடைசியில் அந்தச் சொற்களை மட்டும் படமாக வரைந்து ஒட்டினேன்.

“வரைஞ்சீங்களா? நல்லதாப் போச்சு. இனிமே யாரும் தட்டித் திருத்த முடியாதுல்ல,” என்றார்.

“ஐயா, தேடினாலும் கிடைக்காதே.”

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். “அப்ப பக்கத்துலயே இன்னைக்கு எழுத்துலயும் ஒரு தரம் போட்டுருங்க. ஆனா அது உங்க எழுத்துன்னு தெரியணும். அடைப்புக்குறிக்குள்ள போடுங்க.”

அப்படியே செய்தேன். லத்தீன் சொற்களையும் தமிழ் எழுத்தில் திரும்பச் சேர்த்து, பொருளைப் பக்கத்தில் எழுதினேன். பக்கம் முன்னைவிட அழகு குறைந்துதான் இருந்தது. பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு புள்ளியாக விரல் வைத்துப் பார்க்க ஆரம்பித்தார். மூன்றாம் பக்கத்தில் விரல் நின்றது. அங்கே ஒன்றை நான் விட்டிருந்தேன்.