சதை என்றொரு தசை

மூங்கில்துறைப்பட்டில் காது கேளாத என் சித்தப்பாவிடம் சின்ன வயசில் கையை இஷ்டத்துக்கு ஆட்டித்தான் பேசுவேன். சைகைன்னா நடித்துக் காட்டுவதுதானே என்ற நினைப்பு.

வில்லியம் ஸ்டோக்கோ 1960-இல் அமெரிக்கச் சைகை மொழியைக் கையின் வடிவம், இடம், அசைவு என்று பிரித்துக் காட்டினார். சுட்டுவிரலை மடக்கியபடி பக்கவாட்டில் இழுக்க வேண்டும். நெற்றியில் இழுத்தால் கோடை, மூக்கருகே அசிங்கம், முகவாயில் உலர்ந்தது. புலி, புளி மாதிரிதான்.

இவை ஒரே நேரத்தில் நிகழ்கின்றன என்றார் ஸ்டோக்கோ. வரிசையும் உண்டு என்றார்கள் லிடெலும் ஜான்சனும், 1989-இல். ‘காது கேளாதவர்’ என்ற சைகையில் சுட்டுவிரல் காதருகே தொட்டு, நகர்ந்து, முகவாயருகே தொடும். ‘அப்பா’ நெற்றியில் செய்யும் சைகை. அதையடுத்து வந்தால் காதிலிருந்து தொடங்கும். ‘அம்மா’ முகவாயில், அதையடுத்து வந்தால் முகவாயிலிருந்து காதுக்குப் போகும். பொருள் அதேதான். தசையை நாம் சதை என்பதில்லையா? வரிசையே இல்லாத ஒன்றில் முன்பின் மாற்ற முடியாதே!

சித்தப்பாவின் சைகை எங்கள் வீட்டுக்குள் உருவானது. அதில் இவ்வளவு ஒழுங்கு இருந்ததா என்று நான் பார்த்ததே இல்லை. ஆனால் சில சமயம் அவர் என் மணிக்கட்டைப் பிடித்து, நெற்றியில் இருந்த கையை முகவாய்க்கு இறக்கி வைப்பார். விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரிப்பேன்.