கடிதத்தில் விடுபடும் வரி

கடற்காற்று வீசும் சென்னையில், பழைய அடுக்குமாடிக் கட்டடமொன்றின் மேல்தளத்தில் வாடகைக்குக் குடியிருக்கும் ஒருவர் வீட்டில், நள்ளிரவில் கூரைக் காரை பாளம் பாளமாகப் பெயர்ந்து வீழ்ந்து கட்டிலை முறித்துத் தொலைக்காட்சிப் பெட்டியையும் நொறுக்கிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் வீட்டுக்காரருக்கு எழுதும் கடிதத்தில் தேதி, பெயர்ந்த இடத்தின் அளவு, சேதமுற்ற பொருள்கள் யாவற்றையும் முறையாகக் குறிக்கும் அவர், ஐப்பசி மழையிலேயே அவ்விடத்தில் ஈரக்கறை படர்ந்ததைக் கண்டும், வாய் திறந்தால் வாடகை உயருமோ என்றஞ்சி மூன்று மாதம் மௌனம் சாதித்ததையும் எழுதக் கடமைப்பட்டவரா?

காரை காரணமின்றி வீழ்வதில்லை. மொட்டைமாடி விரிசல் வழியே கசியும் நீரும் உப்புக்காற்றும் கான்கிரீட்டினுள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்ய, இரும்பைக் காட்டிலும் பன்மடங்கு இடங்கொள்ளும் துரு தன்மேல் மூடிய காரையைக் கீழே தள்ளுகிறது. கம்பியின் போக்கிலே ஓடும் வெடிப்பும், செம்பழுப்புக் கறையும், கோலால் தட்டினால் எழும் பொள்ளலான ஓசையும் அதன் முன்னறிகுறிகள். இவற்றுள் மாடியின் விரிசலைக் கவனிக்க வேண்டியவர் உரிமையாளர். அறைக்குள் தோன்றும் கறையை நாள்தோறும் காண்பவரோ குடியிருப்பவர்.

வீட்டுக்காரர் பழுதுபார்க்கக் கடமைப்பட்டிருந்தும், அறிவித்த பின் நியாயமான காலத்துக்குள் அதைச் செய்யாவிடில், குடியிருப்பவரே அதைச் செய்து செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாமென்று 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 108-ஆம் பிரிவில் கூறுவதும், அறிவிப்பையே அவ்வுரிமையின் வாயிலாக வைக்கிறது. எனினும் சட்டத்துக்கு அப்பால் அறம் இங்கே இரண்டு கணக்குகளைப் பிரித்துப் பார்க்கும். கூரையைச் செப்பனிடும் பொறுப்பு முதற்கணக்கு. குடியிருப்பவரின் மௌனம் துருவை உண்டாக்கவில்லையாதலால், அது முழுவதும் உரிமையாளரையே சாரும். பொருள்களின் நஷ்டம் இரண்டாவது. பத்தாண்டு உழைக்கக்கூடிய பெட்டியை ஐந்தாண்டுக்கு முன் 30,000 ரூபாய்க்கு வாங்கியிருந்தால், கேட்கத் தக்கது புதுப்பெட்டியின் விலையன்று, 15,000 ரூபாயே. தச்சர் 2,000 ரூபாயில் சீர்செய்யும் கட்டிலுக்குப் புதுக்கட்டில் கேட்பதும் முறையன்று. இந்த 17,000-த்திலும், கறையைக் கண்ட அன்றே பெட்டியையும் கட்டிலையும் நகர்த்தியிருக்கலாமாகையால், ஒரு பங்கைத் தாமே ஏற்பது நியாயம்.

உண்மையை ஒப்புக்கொண்டால் வீட்டுக்காரர் அதையே ஆயுதமாக்கி யாவற்றையும் மறுப்பாரே என்ற ஆட்சேபம் அற்பமானதன்று. வாடகைக்கு விடுமுன்பே கறையின்மேல் சுண்ணாம்பு பூசி மறைத்தவராயின், மூன்று மாத மௌனத்தினும் அவருடைய மறைப்பே பெரிது. அப்போது குடியிருப்பவர் ஏற்கும் பங்கும் குறையும். ஆனால் பிறருடைய மறைப்பைச் சுட்டும் கடிதம் தன் மறைப்பைப் பேணுமாயின், இரண்டையும் எந்த நிறைகோலால் அளப்பது? ஆதலின், ‘கறையை ஐப்பசியிலேயே கண்டேன், தெரிவிக்கத் தவறினேன்’ என்ற வரி, பட்டியலுக்கு முன்னரே எழுதப்படுதல் வேண்டும்.