அப்பா எழுதிய ஆய்வுக் கட்டுரைகள்

என் அப்பா மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். ஏர், மாடு, கிணற்றுப் பாசனம் என்று வாழ்ந்து 1989-ல் காலமானார். இரும்பு துருப்பிடிப்பதைத் தடுப்பது பற்றி அவர் ஏழு ஆய்வுக் கட்டுரைகள் எழுதியிருப்பது எனக்குத் தெரியவந்தது, அதற்கு இருபது வருஷத்துக்கும் மேல் கழித்துத்தான். ஆய்விதழ்களைத் தொகுத்து வைத்திருக்கும் தரவுத்தளம் ஒன்றில் Perumal, S. என்ற பெயருக்குக் கீழே ஏழும் வரிசையாக இருந்தன. முதல் கட்டுரை வெளிவந்தது 1998-ல்.

எழுதியது நான். என் பெயர் செல்வம், அப்பா பெயர் பெருமாள், பெ. செல்வம். இதழ்களின் படிவங்கள் பெயரை இரண்டாகப் பிரித்துக் கேட்கும்: முதலில் சொந்தப் பெயர், கடைசியில் குடும்பப் பெயர். நமக்கு இரண்டாவது கிடையாது. இனிஷியலை விரித்து அந்தக் கட்டத்தில் போட்டேன். அவர்கள் ஊர் வழக்கப்படி குடும்பப் பெயரை முன்னால் கொண்டுவந்து, சொந்தப் பெயரை ஓர் எழுத்தாகச் சுருக்கினார்கள். மகன் இனிஷியல் ஆனான், அப்பா ஆசிரியர் ஆனார். இனிஷியலை விரிக்காமல் அனுப்பிய மற்ற பதினேழு கட்டுரைகள் Selvam, P. என்ற பெயரில் போய்ச் சேர்ந்தன. அங்கே வேறு சிக்கல். அந்தப் பெயரில் மண்ணியல்காரர் உண்டு, கணக்குப் பேராசிரியர் உண்டு, மருத்துவர் உண்டு. எங்கே நான் முடிந்து எங்கே இன்னொருவர் தொடங்குகிறார் என்று இயந்திரத்துக்குத் தெரியாது.

இதெல்லாம் ஒரு தொலைபேசி அழைப்பில் வெளிச்சத்துக்கு வந்தது. "சார், நானும் பெ. செல்வம்தான். மண் நுண்ணுயிரியல். உங்களுக்கு வர வேண்டிய கடிதம் எனக்கு வந்திருக்கு. இது மூணாவது" என்றார் மறுமுனையில் இருந்தவர். கேரளத்தில் ஓர் ஆய்வு மாணவி, ஆடாதோடை இலைச் சாறு பற்றிய என் பழைய கட்டுரையைப் படித்துவிட்டு, ஓர் அட்டவணை எந்த வெப்பநிலையில் எடுக்கப்பட்டது என்று கேட்டிருந்தாள். எஃகுத் துண்டை அமிலத்தில் மூழ்க வைத்து, எடுத்துக் கழுவி, உலர்த்தி, எடை எவ்வளவு குறைந்தது என்று பார்க்கிற சோதனை அது. வெப்பநிலை தெரியாமல் அந்த எண்களால் யாருக்கும் உபயோகமில்லை. முதல் இரண்டு கடிதங்களுக்கு அந்தச் செல்வம், "அது நான் இல்லை" என்று பதில் போட்டுவிட்டாராம். மூன்றாவது முறைதான், அப்படியென்றால் யார் என்று தேடத் தோன்றியிருக்கிறது. கட்டுரையில் இருந்த கல்லூரி முகவரியைப் பிடித்து, அலுவலகத்துக்குப் பேசி, என் எண்ணை வாங்கியிருக்கிறார். வெட்கமாக இருந்தது. நான் கண்டுபிடிக்கப்படுவதற்கு இன்னொரு மனிதர் அரைநாள் உழைத்திருக்கிறார்.

ஊரில் இந்தத் தொல்லை இருந்ததில்லை. எங்கள் தெருவில் மட்டும் மூன்று செல்வங்கள்: தச்சு வீட்டுச் செல்வம், மோட்டார் ரிப்பேர் செல்வம், வாத்தியார் செல்வம். மூன்றாவது நான். இந்த அடைமொழிகளை நாங்களாக வைத்துக்கொள்ளவில்லை, தேடி வந்தவர்கள் வைத்தது. ரிப்பேருக்கு மோட்டாரோடு வந்தவனுக்கு அந்த மனிதரின் அப்பா பெயர் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்களும் இதைத்தான் செய்திருக்கிறார்கள். மதுரை மருதன் இளநாகனார், மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார், மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார். ஊர், தொழில், தகப்பன். இரண்டு நெடுஞ்செழியர்கள் வந்தபோது ஒருவர் ஆரியப்படை கடந்தவர், மற்றவர் தலையாலங்கானத்துச் செருவென்றவர். அந்த நீண்ட பெயர்களைப் புகழ்மாலை என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். இப்போது பார்த்தால், பாதி வேலை முகவரி எழுதுவது. அடைமொழி ஒட்டாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு ஔவையார் இருக்கிறார். அதியமானைப் பாடியவரும் ஆத்திசூடி செய்தவரும் வேறு வேறு காலத்தவர் என்று ஆராய்ச்சியாளர்கள் பிரித்துக் காட்டியும், நம் மனத்தில் ஒரே பாட்டி கோலூன்றி நடக்கிறாள். பலர் ஒருவராவது ஒரு பிழை, ஒருவர் பலராவது இன்னொரு பிழை. எனக்கு இரண்டும் ஒரே நேரத்தில் நடந்திருந்தது.

ஆய்வுலகில் இதற்கு வைத்த அடைமொழி ஓர் எண். திரையில் ORCID என்று இருக்கும். வாயால் ஓர்கிட் என்பார்கள். 2012 அக்டோபரில் தொடங்கியது, பணம் கிடையாது. நான்கு நான்காகப் பிரித்த பதினாறு இடங்கள். அவர்களே மாதிரிக்குக் காட்டும் எண் 0000-0002-1825-0097. அதன் சொந்தக்காரர் ஜோசையா கார்பெரி, அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் 1929-ல் வேடிக்கைக்காகப் பிறந்த, இல்லாத பேராசிரியர். கடைசி இலக்கம் காவலுக்கு நிற்பது. இடமிருந்து ஒவ்வோர் இலக்கமாகக் கூட்டி, ஒவ்வொரு முறையும் இரண்டால் பெருக்கிக்கொண்டே பதினைந்தாவது வரை போனால் 1314 வரும். அதைப் பதினொன்றால் வகுத்தால் மீதி 5. பன்னிரண்டில் அது போக 7. எண்ணின் கடைசியிலும் 7. தட்டும்போது ஓர் இலக்கம் பிசகினால் கணக்கு இடித்துவிடும். சில எண்கள் X என்று முடிவது விடை பத்தாக வரும்போது. இது உங்களுக்குத் தேவையில்லை. ஆனால் வேதியியல் வாத்தியார் தாளில் போட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டான்.

எண் வாங்க ஐந்து நிமிஷம் போதும். வாங்கியதும் வேலை முடிந்தது என்று நினைத்தேன். சில நாள் கழித்து அதே தளத்தில் என் பெயரை நானே தேடினால், பல செல்வங்களுக்கு நடுவில் பெயரும் எண்ணும் மட்டும் கொண்ட வெற்றுப் பதிவாக நின்றேன். என்னைப் போலவே வெற்றாக இன்னும் சிலர். தேடி வரும் மாணவி அந்த வரிசையில் எவரைத் தொடுவாள்? அங்கே பதிவு செய்கிறவர் உண்மையில் அவர்தானா என்று யாரும் சரிபார்ப்பதும் இல்லை. எண்ணைச் சுற்றி என்ன ஒட்டியிருக்கிறது என்பதில்தான் அதன் மதிப்பு.

ஆகவே ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என்னைத் தேடக்கூடியவருக்கு என்னைப் பற்றி என்ன தெரிந்திருக்கும் என்று ஒரு பக்கம் எழுதினேன். கட்டுரைத் தலைப்பு தெரியும். அப்போதைய கல்லூரி தெரியும், இப்போதையது தெரியாது. கூட எழுதியவர்களில் ஒருவரைத் தெரிந்திருக்கலாம். பழைய மாணவன் என்றால், அவன் படித்த ஆண்டுகளும் நான் நடத்திய பாடமும். என் பட்டங்களும் பரிசுகளும் இந்தப் பக்கத்தில் எங்கும் வரவில்லை. அவற்றைத்தான் எல்லோரும் முதலில் எழுதுகிறோம். வேலை பார்த்த மூன்று கல்லூரிகளையும் ஆண்டுகளோடு பதிவில் சேர்த்தேன். பழைய கல்லூரியை அழிக்காமல் வைத்தது அந்தக் கேரளப் பெண்ணை நினைத்து.

பிறகு கட்டுரைகள். பெயரை வைத்துத் தேடிச் சேர்க்கிற வசதி உண்டு. பட்டியல் வரும், நம்முடையதைத் தொட்டால் போதும். பொதுப் பெயர்க்காரனுக்கு அது வழுக்குப்பாறை. கூகுள் ஸ்காலரில் பதிவு தொடங்கியபோது, மண்ணியல்காரரின் கட்டுரைகளும் "இவை உங்களுடையவையா" என்று என் முன்னால் வந்து நின்றன. அவசரத்தில் சிலவற்றைச் சேர்த்துவிட்டேன். மேற்கோள் எண்ணிக்கை ஒரே நாளில் எகிறியது. மறுநாள் எடுத்தேன், எண்ணிக்கை இறங்கியது. இறங்கும்போது மனசு கொஞ்சம் சுணங்கியதை மறைக்க விரும்பவில்லை. புதுக் கட்டுரைகளைத் தானாகச் சேர்த்துக்கொள்ளும் ஏற்பாட்டையும் அன்றே மாற்றினேன். இப்போது அது மின்னஞ்சலில் கேட்கும், நான் பார்த்துச் சொன்னால்தான் சேரும். பெயரை விட்டு, ஒவ்வொரு கட்டுரைக்கும் உள்ள டிஓஐ எண்ணைப் போட்டு ஒன்றொன்றாகச் சேர்ப்பதுதான் பத்திரம் என்று தெரிந்தது. இருபத்து நாலும் முடிய ஒரு சனி, ஒரு ஞாயிறு ஆயின. பழைய இரண்டுக்கு அந்த எண்ணே கிடையாது. விவரங்களைக் கையால் தட்டினேன்.

உண்மையில் மடக்கியது ஒரே ஒரு கட்டுரை. 2001. ஆசிரியர் வரிசையில் P. Selvam. எஃகு, அமிலம், இலைச்சாறு எல்லாம் அப்படியே என் துறை. சுருக்கத்தைப் படித்தபோது எழுதியது நினைவுக்கு வருவதுபோலவே இருந்தது! துறை ஒத்துப்போவது சாட்சி ஆகாது. ஒரே வட்டாரத்தில், ஒரே காலத்தில், அந்த இலைகளை வைத்து அரிப்பைத் தடுக்கப் பார்த்தவர்கள் ஏராளம். கூட எழுதியவர்களைப் பார்த்தேன், ஒருவரையும் தெரியாது. ஆசிரியர் முகவரி வேறு கல்லூரி. கடைசியில் நன்றியுரை. வேறு ஒரு முதல்வருக்கு நன்றி சொல்லியிருந்தது. அது இன்னொரு செல்வத்தினுடையது. பெயர், துறை, காலம் மூன்றும் பொருந்திய பிறகும் ஆளைக் காட்டிக்கொடுத்தது அவர் யாருக்குக் கடன்பட்டிருந்தார் என்பதே.

ஒரு தவறு செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். பதிவு செய்தது கல்லூரி மின்னஞ்சலில். கல்லூரி மாறியதும் அந்த முகவரி அடைபட்டது, கடவுச்சொல்லும் மறந்துபோனது. புதிதாக இன்னொரு பதிவு திறந்தேன். ஒருவர் பலராகாமல் இருக்கச் செய்த ஏற்பாட்டிலேயே நான் இரண்டானேன். பிறகு எழுதிக் கேட்டதில் சேர்த்துவைத்தார்கள்; பழைய எண்ணைத் தொட்டால் புதியதற்குப் போகும். சொந்த மின்னஞ்சல் ஒன்றையும் ஆரம்பத்திலேயே கொடுத்திருந்தால் இந்த அலைச்சல் இல்லை.

மண்ணியல் செல்வமும் நானும் இப்போது ஓர் ஒப்பந்தத்தில் இருக்கிறோம். தன் கல்லூரிப் பக்கத்தில் "அரிப்புத் தடுப்பான் பற்றி எழுதும் பெ. செல்வம் வேறு" என்று ஒரு வரி போட்டு, என் எண்ணையும் கொடுத்திருக்கிறார். என் பக்கத்தில் அவர் எண். தமிழ் விக்கிப்பீடியாவில் பக்கவழி நெறிப்படுத்தல் என்கிறார்களே, அந்த வேலைதான். பலன் உடனே தெரிந்தது. தவறி எனக்கு வந்த ஒரு மண் பரிசோதனைக் கேள்வியை அரை நிமிஷத்தில் அவருக்குத் தள்ளிவிட்டேன்.

அப்பாவின் ஏழு கட்டுரைகள் பாக்கி. தரவுத்தளத்துக்கு எழுதி, இரண்டு பெயரும் ஒருவரே என்று கட்டுரைகளோடு காட்டியதில், சில வாரங்களில் ஏழும் என்னிடம் வந்தன. அச்சான தாளில் பெயர் மாறாது. அதைப் படித்துவிட்டு யாராவது Perumal, S. என்று தேடிவந்தால்? பதிவில் வேறு பெயர்களுக்கு என்று ஓர் இடம் உண்டு. அங்கே S. Perumal என்று சேர்த்தேன்.

ஊருக்குப் போனபோது அம்மாவிடம் கைபேசியில் காட்டி, எழுத்துக்கூட்டிச் சொன்னேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தாள்.

"அவரு பேரு ஏன்டா கீழ இருக்கு? மேல போடு."

"மேல போட்டா எழுதினது அவருன்னு ஆயிடும்மா."

"ஆனா என்ன?" என்றாள்.