காலி செய்யும் மாதத்தில் வீடு யாருடையது?

வாடகைக்குக் குடியிருப்பவர் வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லி, தவணைக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கும்போது, வீட்டுக்காரரிடமிருந்து கைப்பேசியில் ஒரு செய்தி வருகிறது என்று வைத்துக் கொள்வோம்: “நாளை முதல் வீடு பார்க்க ஆட்கள் வருவார்கள். வெளியே போவதானால் சாவியைக் கீழ் வீட்டில் கொடுத்துவிட்டுப் போகவும்.”

எழுதியவர் இதில் தவறு எதையும் காணமாட்டார். வீடு அவருடையது, ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் நஷ்டமும் அவருடையது. ஆனால் மார்க்கம் இங்கே வேறொரு கேள்வியைக் கேட்கிறது. அந்த ஒரு மாதத்தில் வீடு யாருடையது?

ஃபிக்ஹு நூல்களில் வாடகைக்கு விடுவதை ‘இஜாரா’ என்பார்கள். அதில் பொருள் உரிமையாளருக்கே சொந்தம். அதன் பயனோ, பேசிய தவணை முடியும்வரை வாடகை கொடுப்பவருக்குச் சொந்தம். ஆகவே காலி செய்வதாகச் சொன்ன அன்றே அந்தப் பயன் கைமாறிவிடுவதில்லை. கடைசி நாள் வரை அது குடியிருப்பவரின் இல்லமே. சுவர் தமக்குச் சொந்தம் என்றாலும் வீட்டுக்காரர் அங்கே வெளியார்தாம்.

பிறர் இல்லத்தில் நுழைவது பற்றித் திருமறையின் அந்நூர் அத்தியாயம், 27, 28-ஆம் வசனங்களில் தெளிவான சட்டம் உண்டு. அனுமதி பெற்று, ஸலாம் சொல்லித்தான் நுழைய வேண்டும். உள்ளே யாரும் இல்லையென்றால் அனுமதி கிடைக்கும்வரை நுழையக் கூடாது. திரும்பிப் போகச் சொன்னால் திரும்பிவிட வேண்டும். ஆளில்லாத வீட்டைக் கீழ் வீட்டுச் சாவியால் திறந்து காட்டலாம் என்று தாமாகவே முடிவு செய்வது இந்தச் சட்டத்தின் முன் நிற்குமா? சாவி கையில் இருப்பது வேறு. அனுமதி இருப்பது வேறு.

அனுமதி கேட்பது விதிக்கப்பட்டதே பார்வையின் காரணமாகத்தான் என்று நபி பெருமானார் (ஸல்) விளக்கியிருக்கிறார்கள். வீடு பார்க்க வருபவரின் வேலையே பார்ப்பதுதானே! அவர் சமையலறையைப் பார்ப்பார், படுக்கையறையைப் பார்ப்பார். கூட வரும் தரகர் படம் பிடித்துப் பத்துப் பேருக்கு அனுப்புவார். அப்போது ஒருவர் பார்வைக்குக் கொடுத்த அனுமதி ஊர்ப் பார்வைக்குப் போய்விடுகிறது. எனவே படம் எடுக்கத் தனியாகக் கேட்க வேண்டும்.

நேரமும் முக்கியம். அதே அத்தியாயத்தின் 58-ஆம் வசனம், ஃபஜ்ருக்கு முன், நண்பகல் ஓய்வு, இஷாவுக்குப் பின் ஆகிய மூன்று வேளைகளில் வீட்டுச் சிறுவர்களும் பணியாளர்களும்கூட அனுமதி கேட்க வேண்டும் என்கிறது. வீட்டாருக்கே இப்படியென்றால், முன்பின் அறியாதவரை நண்பகலில் அழைத்து வருவது எப்படிப் பொருந்தும்?

உலகச் சட்டமும் இதற்கு அருகில்தான் வந்திருக்கிறது. 2021-இல் மத்திய அரசு வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம், வீட்டுக்காரர் நுழையக் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக, காரணத்தோடு எழுத்தில் தெரிவிக்கச் சொல்கிறது. பழுது பார்ப்பதையும் வீட்டின் நிலையைச் சோதிப்பதையும் அது பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. வேறு காரணமானால் அது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். ஆகவே புதியவர்களுக்கு வீடு காட்டும் நிபந்தனையை, குடிவரும் நாளிலேயே பேசி எழுதிக் கொள்வதுதான் நல்லது.

இனி அந்தச் செய்தியை எப்படி எழுதலாம்? “அஸ்ஸலாமு அலைக்கும். வீடு பார்க்க ஒரு குடும்பத்தார் விரும்புகிறார்கள். சனிக்கிழமை மாலை 5 மணிக்கு அழைத்து வரலாமா? மூன்று பேர், கால் மணி நேரம் போதும். நானும் கூட வருவேன். பெண்களுக்கு அசௌகரியமானால் உங்களுக்குத் தோதான வேறு நேரம் சொல்லுங்கள். உங்களைக் கேட்காமல் படம் எடுக்கமாட்டோம்.” இதில் நாள், நேரம், ஆள் எண்ணிக்கை எல்லாம் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, மறுக்க இடம் இருக்கிறது. மறுக்க இடமில்லாத கேள்வி அனுமதி கேட்பதாகாது, அது உத்தரவு. “காட்டாவிட்டால் அட்வான்ஸிலிருந்து பிடிப்பேன்” என்று மிரட்டிப் பெற்ற சம்மதமும் அப்படித்தான். அந்தப் பணம் அவரிடமுள்ள குடியிருப்பவரின் பணம்.

குடியிருப்பவருக்கும் கடமை உண்டு. வீட்டைக் காட்டுவதாக ஒப்பந்தத்தில் சம்மதித்தவர், கேட்கும் நேரத்தையெல்லாம் காரணமின்றித் தட்டிக் கழித்தால் அது வாக்கு மீறலாகும். சனிக்கிழமை முடியாதென்றால் ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லட்டும். அப்படி எழுதிக் கொள்ளவே இல்லையென்றாலும், தம்மால் ஒரு மாத வாடகை வீணாகும் என்று தெரிந்தவர் ஒரு மணி நேரம் ஒதுக்கிக் கொடுப்பது இஹ்ஸான். ஆனால் இஹ்ஸானைக் கேட்டுப் பெறலாமே தவிர, உரிமையென்று பறிக்க முடியாது. அவர் மறுத்துவிட்டால் வீட்டுக்காரர் வாசலிலிருந்து திரும்ப வேண்டியதுதான். வாக்கு மீறியதற்கு அவர் நியாயம் கேட்கலாம். கதவைத் தாமே திறந்துகொள்ளும் உரிமை அதனால் வந்துவிடாது.