செத்த பாக்கியைச் சொத்தென்று காட்டாதீர்கள்

போடிமெட்டுச் சரிவில் விளைந்த ஏலக்காயை வாங்கித் தரம் பிரித்து வடநாட்டுக்குக் கடனுக்கு அனுப்பும் வியாபாரிகளே, மார்ச் 31 வருவதற்குள் பாக்கிப் பட்டியலைக் கையில் எடுங்கள்.

ஓர் உதாரணம் பாருங்கள். 200 கிலோ 8 எம்.எம். காய், கிலோ 2,500 ரூபாய். ஜிஎஸ்டி 5 சதவீதம் சேர்த்து பில் 5,25,000. பார்ட்டி 3,00,000 அனுப்பினார். மிச்சம் 2,25,000 நிற்கிறது. முதலில் "அடுத்த வாரம்" என்றார், பிறகு போனை எடுக்கவில்லை. செக் திரும்பியது. கடை பூட்டிக் கிடக்கிறது, வக்கீல் நோட்டீஸும் திரும்பி வந்துவிட்டது. இனி அது வாராக்கடன்தான். நாள் கடந்துவிட்டது என்பது மட்டும் காரணமாகாது. தாமதமானாலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பவர் பெயரை அடிக்காதீர்கள். ஆனால் காலத்தையும் கவனியுங்கள்: பணம் தரவேண்டிய தேதியிலிருந்து பொதுவாக 3 ஆண்டுக்குள் வழக்குப் போடவேண்டும். அந்தக் கெடு முடிவதற்குள் அவர் கையெழுத்திட்டுக் கடனை ஒப்புக்கொண்டால் அது புதிதாகத் தொடங்கும். போனில் சொன்ன வாக்கு அதற்கு உதவாது.

பழைய பில்லுக்குப் புதுத் தேதி போட்டு, வங்கிக்குக் கொடுக்கும் ஸ்டேட்மெண்டில் நல்ல பாக்கியாகக் காட்டுகிறவர்கள் உண்டு. பல வங்கிகள் 90 நாள் தாண்டிய பாக்கியை ஏற்பதில்லை என்பதால்தான் இந்த வேலை. இது பொய்க் கணக்கு. இல்லாத பணத்தைக் காட்டி அடுத்தவர் பணத்தை வாங்குவது. இன்றே நிறுத்துங்கள்.

வாராக்கடனை நீக்கி எழுதும் முறை எளிது. ஜர்னலில் வாராக்கடன் கணக்குக்கு 2,25,000 பற்று, அந்தப் பார்ட்டி கணக்குக்கு 2,25,000 வரவு. கீழே பில் எண், வசூலுக்கு எடுத்த முயற்சிகள், முடிவெடுத்த தேதி, உங்கள் கையெழுத்து. "ஒருவேளை வராது" என்று ஒதுக்கீடு மட்டும் செய்தால் வருமான வரியில் கழிவு கிடைக்காது. பார்ட்டி கணக்கிலேயே நீக்கவேண்டும். 2010இல் டி.ஆர்.எஃப். வழக்கில் உச்ச நீதிமன்றம், கணக்கில் நீக்கினாலே போதும், கடன் வராது என்று நிரூபிக்கத் தேவையில்லை என்றது. அதைச் சாக்காக வைத்து, லாபம் கூடிய வருஷத்தில் மச்சானின் நல்ல பாக்கியை நீக்கிவிட்டுப் பணத்தைக் கையில் வாங்காதீர்கள். அது திருட்டு.

சரக்குத் திரும்பி வந்ததாகக் கிரெடிட் நோட் போடுவதும் தவறு. காய் திரும்பவில்லையே! கட்டிய 25,000 ஜிஎஸ்டி வாராக்கடனுக்காகத் திரும்பி வராது; வலித்தாலும் அதைத் தாங்கத்தான் வேண்டும். அந்த வரிப் பகுதியை வருமானத்தில் கழிக்கலாமா என்று மட்டும் உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நீக்கியதால் கடன் மன்னிக்கப்பட்டதாகாது. தனிப் பதிவேட்டில் பெயரை வைத்திருங்கள், கேட்டுக்கொண்டே இருங்கள். பின்னால் அவர் 40,000 அனுப்பினால் வங்கிக் கணக்கில் பற்று, "வாராக்கடன் வசூல்" கணக்கில் வரவு என்று எழுதி, கழிவு பெற்ற அளவுக்கு அந்த ஆண்டின் வருமானத்தில் சேர்த்து வரி கட்டுங்கள்.