அழகர் இறங்கும் நாளில் யாருக்கு லீவு?

ஆண்டுக்கொரு முறை ஊழியர்களிடம் அவர்களுடைய மேலாளரைப் பற்றிக் கேட்கிறார்கள். பெயர் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு மதிப்பெண் போட்டால் போதும். இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் ஐ.டி. வேலை பார்க்கும் மதுரைப் பிள்ளைகள் பலருக்கு இது பழக்கமான சடங்கு. சில வாரங்கள் கழித்து அந்த எண்கள் ஓர் அறிக்கையாக மேலாளரின் கைக்கு வரும். அதற்குப் பிறகு பெரும்பாலும் ஒன்றும் நடப்பதில்லை. அது ஏன் என்று யோசிக்கத்தான் இந்தக் கட்டுரை.

மதுரை இளங்கோ மாநகராட்சிப் பள்ளியில் படித்த ஷிவ் நாடார் தொடங்கியது எச்.சி.எல். நிறுவனம். 2005இல் எச்.சி.எல். டெக்னாலஜிஸின் தலைமைக்கு வந்த வினீத் நாயர், தன்னைப் பற்றி மற்றவர்கள் போட்ட மதிப்பெண்களை ஊழியர்கள் எல்லோரும் பார்க்கும்படி நிறுவனத்தின் இன்ட்ராநெட்டில் வெளியிட்டார். மேலே இருப்பவர் தன் குறையைக் கீழே இருப்பவர் முன் விரித்து வைப்பது நம் ஊர் வழக்கத்துக்குப் பெரிய காரியம்தான். அந்தத் துணிவை மதிக்கிறேன். ஆனால் எண்ணை வெளியே வைத்ததும் வேலை முடிந்துவிடுவதில்லை. அந்த எண்ணை வைத்து, திங்கட்கிழமை காலை வந்தவுடன் எதை வேறு மாதிரி செய்வது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

நான் கண்ட பலவற்றைச் சேர்த்து ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். இரவுப் பணியும் பகல் பணியும் மாறி மாறி வரும் ஒரு குழு. ஒன்பது பேரில் ஏழு பேர் சர்வேக்குப் பதில் தந்திருக்கிறார்கள். ‘மரியாதையாக நடத்துகிறார்’ என்ற கேள்விக்கு 4.4. ‘முடிவுகளை நியாயமாக எடுக்கிறார்’ என்பதற்கு 2.9, போன ஆண்டு அது 3.3. ‘என் வேலை எப்படி இருக்கிறது என்று சொல்கிறார்’ என்பதற்கு 3.0.

மேலாளர் முதலில் பார்ப்பது 3.3 எப்படி 2.9 ஆயிற்று என்பதைத்தான். மனம் வாடிப்போகிறார். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏழு பேரின் கூட்டுத்தொகை 23ஆக இருந்தது 20ஆகியிருக்கிறது. போன ஆண்டு நான்கு போட்ட ஒரே ஒருவர் இந்த ஆண்டு ஒன்று போட்டாலே இவ்வளவு இறங்கிவிடும். சிறிய குழுவில் சராசரியின் ஏற்ற இறக்கத்தைத் துரத்துவது வீண் வேலை. அதைவிட மோசம், அந்த ஒருவர் யாரென்று முகம் முகமாகத் தேடுவது. அந்தத் தேடல் ஒருமுறை தொடங்கிவிட்டால் அடுத்த சர்வேயில் எல்லோரும் நான்கு போட்டுவிட்டுப் போவார்கள். அந்த அறிக்கையால் யாருக்கும் பயனிருக்காது.

பார்க்க வேண்டியது, எண்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்பதை. 3.0 வந்த கேள்விக்கு ஏழு பேருமே மூன்றுதான் போட்டிருக்கிறார்கள். 2.9 வந்த கேள்வியில் நான்கு பேர் நான்கு, ஒருவர் இரண்டு, இருவர் ஒன்று. மூன்று போட்டவர் ஒருவர்கூட இல்லை. அதாவது 2.9 என்பது அந்தக் குழுவில் யாருடைய கருத்தும் இல்லை. அறிக்கையில் பக்கத்துப் பக்கத்தில் ஒன்று போலத் தெரியும் இரண்டு எண்கள், உள்ளே முற்றிலும் வேறு. முன்னதில் கோபம் இல்லை. வேலையைப் பற்றிச் சொல்லும் பழக்கமே இல்லாததால் எல்லோரும் நடுவில் ஓர் எண்ணைப் போட்டிருக்கிறார்கள். பின்னதில் குழு இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. ஏதோ ஒன்று சிலருக்குக் கிடைக்கிறது, சிலருக்குக் கிடைக்கவில்லை. அது என்ன என்று அறிக்கை சொல்லாது. எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் சொல்லாது.

இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் வழுக்குகிறார்கள். அறையில் தனியாக உட்கார்ந்து காரணத்தைத் தாங்களே ஊகித்து, ‘இன்னும் வெளிப்படையாக இருப்பேன்’, ‘குழுவோடு நெருங்கிப் பழகுவேன்’ என்று எழுதி மனிதவளத் துறைக்கு அனுப்பிவிடுகிறார்கள். வெளிப்படையாக இருந்தாரா இல்லையா என்று மூன்று மாதம் கழித்து யாரால் சொல்ல முடியும்?

நம் மேலாளர் குழுவைக் கூட்டினார். அறிக்கையிலிருந்து அந்த இரண்டு கேள்விகளை மட்டும் வைத்தார். யார் என்ன போட்டீர்கள் என்று கேட்கவில்லை. ‘முடிவு நியாயமாக இருந்தது என்று நீங்கள் நினைக்க, அடுத்த முறை என்ன நடக்க வேண்டும்?’ என்று கேட்டார். வெகுநேரம் யாரும் பேசவில்லை. பிறகு மேலூரிலிருந்து வரும் ஒரு பையன் சொன்னான்: “லீவு குடுக்காததுல வருத்தம் இல்ல சார். அழகர் ஆத்துல எறங்குற அன்னைக்கு யாருக்குக் குடுத்தீங்க, ஏன் குடுத்தீங்கன்னு கடைசி வரைக்கும் தெரியல. அதான்.”

சித்திரைத் திருவிழாவில் மதுரையில் எல்லோருக்கும் ஒரே நாள் லீவு வேண்டும். மேலாளர் முந்திக் கேட்டவர்களுக்குக் கொடுத்திருந்தார். முந்திக் கேட்கக் கூச்சப்பட்டவர்களுக்கு அது கிடைக்கவில்லை. அவர் மனத்தில் ஓரவஞ்சனை எதுவும் இல்லை. ஆனால் அவருடைய மனம் யாருக்கும் தெரிவதில்லை. பட்டியல் மட்டும்தான் தெரிகிறது.

அன்று இரண்டு செயல்கள் முடிவாயின. ஒன்று, திருவிழா லீவுப் பட்டியல் ஆறு வாரங்களுக்கு முன்பே எல்லோரும் பார்க்கும் இடத்தில் வரும். இந்த ஆண்டு திருவிழா அன்று வேலைக்கு வந்தவருக்கு அடுத்த ஆண்டு முன்னுரிமை. அடுத்த சித்திரை வெகு தூரத்தில் இருந்ததால், தீபாவளியிலேயே இதைத் தொடங்குவது என்றும், வாராந்தர ஷிப்டுப் பட்டியலைப் புதன்கிழமை மாலை நான்கு மணிக்குள் போடுவது என்றும் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டாவது, ஒவ்வொருவரோடும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பதினைந்து நிமிடம் அவரவர் வேலையைப் பற்றி மட்டும் பேசுவது. ஒன்பது பேருக்கு இரண்டேகால் மணி நேரம் ஆகும். அந்த நேரத்துக்காகத் தினசரி அரை மணி நேரக் கூட்டத்தை வாரத்துக்கு மூன்று நாளாகக் குறைத்தார். இரண்டு வாரத்தில் இரண்டு மணி நேரம் மிஞ்சியது. எதையாவது நிறுத்தாமல் புதிதாக ஒன்றைத் தொடங்கினால் அது மூன்றாவது வாரத்தில் நின்றுபோகும். மூன்றாவது செயல் ஒன்றையும் அவர் எழுதி வைத்திருந்தார். அதற்கு நேரம் எங்கிருந்து வரும் என்று காட்ட முடியவில்லை, அடித்துவிட்டார்.

வாக்கர், ஸ்மிதர் என்ற இரு ஆய்வாளர்கள் 252 மேலாளர்களை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 1999இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வந்த மதிப்பெண்களைப் போட்டவர்களோடு உட்கார்ந்து பேசிய மேலாளர்கள், பேசாதவர்களைவிட அதிகம் முன்னேறினார்கள். அதைவிட என்னை நிறுத்தியது இன்னொரு முடிவு: அதே மேலாளர், பேசிய ஆண்டில் முன்னேறிய அளவுக்குப் பேசாத ஆண்டில் முன்னேறவில்லை. ஆள் அதே ஆள்தான், குணமும் அதே குணம்தான். மதிப்பெண் குணத்தின் மீதான தீர்ப்பாக இருந்தால் அது அப்படி ஆண்டுக்கு ஆண்டு மாறியிருக்காது. ஏழு பேரும் ஒரே மனிதரைப் பார்த்தார்கள், ஆனால் அவரிடமிருந்து ஏழு பேருக்கும் வந்து சேர்ந்தது ஒன்றாக இல்லை. அந்த எண்கள் காட்டியது, வந்து சேர்ந்ததை. அதனால்தான் ஒருவர் தன்னைத் திருத்திக்கொள்ள எடுக்கும் உறுதிகளால் அந்த எண் நகர்வதில்லை, புதன்கிழமை நான்கு மணிக்கு வரும் பட்டியலால் நகர்கிறது. வந்ததா இல்லையா என்று மேலூர்ப் பையனே சொல்லிவிடலாம். மேலாளர் சாட்சி தேட வேண்டியதில்லை.

மூன்று மாதம் கழித்து அவர் அதே ஒன்பது பேரிடம் இரண்டே கேள்விகள் கேட்க வேண்டும். சொன்னபடி நடந்ததா? நடந்ததால் உங்களுக்கு ஏதாவது மாறியதா? முதலாவதற்கு ஆம் என்றும் இரண்டாவதற்கு இல்லை என்றும் பதில் வந்தால், உழைப்பில் குறையில்லை, தேர்ந்தெடுத்த செயலில்தான் குறை. அப்போது அந்தச் செயலை விட்டுவிட்டு, மறுபடியும் அவர்களிடமே கேட்க வேண்டும்.