கிரகணத் தொழுகை யாருக்கு?



அல்லாஹ்வின் நல்லடியார்களே!

2019 டிசம்பர் 26, வியாழக்கிழமை. காலை எட்டு மணிக்குச் சற்றுப் பின் தொடங்கிய சூரிய கிரகணம், 11 மணி கடந்துதான் விலகியது. ஒன்பதரை மணியளவில் திண்டுக்கல்லில் இருந்தவர்கள் சூரியனை முழு நெருப்பு வளையமாகக் கண்டார்கள். அதே நேரத்தில் தேனியிலும் கம்பத்திலும் தெரிந்தது வளையம் அல்ல, பிறை போன்ற ஒளிக்கீற்று. பக்கத்து மாவட்டம்தானே, ஏன் இந்த வேறுபாடு?

நம் பள்ளிவாசலின் தூணை நினைத்துப் பாருங்கள். அதற்கு நேர் பின்னால் அமர்ந்தவருக்கு மிம்பர் மறைந்துவிடும். சற்றுத் தள்ளி அமர்ந்தவருக்குப் பாதி தெரியும். இன்னும் தள்ளி இருப்பவருக்கு முழுதும் தெரியும். மிம்பரும் தூணும் நகரவில்லை. அமர்ந்த இடம்தான் வேறு.

சூரிய கிரகணமும் இப்படித்தான். பிறை மாதம் முடியும் நேரத்தில் சந்திரன் சூரியனுக்கும் நமக்கும் இடையே வருகிறது. அதன் பாதை சுமார் ஐந்து பாகை சாய்ந்திருப்பதால், பெரும்பாலான மாதங்களில் மேலேயோ கீழேயோ விலகிப் போய்விடும். நேர்கோட்டில் வரும்போதுதான் அதன் நிழல் பூமியில் விழுகிறது. அன்று சந்திரன் சற்றுத் தொலைவில் இருந்ததால், சூரியனை முழுதும் மூடவில்லை. ஓரம் வளையமாக மிஞ்சியது. அந்த வளையம் தெரிந்த பட்டையின் அகலம் சுமார் 120 கிலோமீட்டர்தான். ஊட்டி, கோவை, திண்டுக்கல், புதுக்கோட்டை அதற்குள் இருந்தன. தேனி அதன் தெற்கு எல்லைக்கு வெளியே. கம்பம் இன்னும் தெற்கே. எனவே அங்கே கீற்று சற்றுத் தடிமனாகத் தெரிந்தது.

சந்திர கிரகணம் அப்படியல்ல. அங்கே பூமியின் நிழல் சந்திரன் மீதே விழுகிறது. எனவே அப்போது சந்திரன் வானில் இருக்கும் ஊர்கள் அனைத்திலும் அது தெரியும்.

சகோதரர்களே, நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் மரணித்த நாளில் கிரகணம் ஏற்பட்டது. அந்த மரணத்தால்தான் என்று மக்கள் பேசினார்கள். நபியவர்கள் அதை மறுத்தார்கள். சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் அவை மறைவதில்லை என்றும், அதைக் கண்டால் தொழுங்கள் என்றும் கற்றுத் தந்தார்கள்.

'கண்டால்' என்ற நிபந்தனையைக் கவனியுங்கள். 2027 ஆகஸ்ட் 2 அன்று மக்காவில் சூரியன் முழுதாக மறையும். நேரலையாக அதை நம் கைப்பேசியில் பார்ப்போம். ஆனால் அந்தத் திரையை வைத்து நமக்குத் தொழுகை வந்துவிடாது. நம் வானில் சூரியனின் ஓர் ஓரமாவது மறைந்தால்தான் வரும். அதேபோல, 'நமக்கு வளையம் தெரியவில்லையே, பகுதிதானே' என்று விட்டுவிடவும் கூடாது. 2019-ல் தேனிக்குக் கிடைத்த அந்தக் கீற்றும் கிரகணம்தான். அதற்கும் தொழுகை உண்டு.

அத்தாட்சியைக் கண்டதும் அவன் பக்கம் திரும்புகிறவர்களாக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக. ஆமீன்.